மழையாற்றில் முதல் முறை: வயநாடு, குடகு எல்லையில் ராஃப்டிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாத லீவில் வயநாட்டுக்கு வருகிறோம். அப்போது ராஃப்டிங் போக முடியுமா?

முடியாது. ரிஷிகேஷில் கோடையில் ராஃப்டிங் நடப்பதைப் படங்களில் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துப் பலர் கேட்கிறார்கள். அங்கே கங்கையில் பனி உருகி வரும் தண்ணீர் கோடையிலும் ஓடுகிறது. மழைக்காலம் வந்ததும் ஜூலை, ஆகஸ்டில் அங்கே ராஃப்டிங்கை நிறுத்திவிடுகிறார்கள். நம் பக்கத்து ஆறுகள் முழுக்க மழையை நம்பியவை. நான் இருக்கும் சுல்தான் பத்தேரியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும், மே மாதத்தில் ஆறு என்பது பாறைகளுக்கு நடுவே தேங்கிக் கிடக்கும் கயங்கள்தான். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் வழக்கமாக ஜூன் 1 வாக்கில் தொடங்கிய பிறகுதான் ராஃப்ட் ஓடும் அளவுக்குத் தண்ணீர் வரும்.

மே மாதத்தில் கிடைப்பது அமைதியான நீரில் போகும் பயணம். பூக்கோடு ஏரியில் மிதிபடகு, பாணாசுர சாகர் அணையில் படகுச் சவாரி, வனத்துறை திறந்துவைத்திருக்கும் நாட்களில் குறுவா தீவில் மூங்கில் தெப்பம் ஆகியவை உண்டு. தண்ணீரைக் கண்டாலே நெஞ்சு படபடக்கும் ஒருவர் மூங்கில் தெப்பத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து, பாதம் நனைய, தெப்பம் ஆடும் ஆட்டத்துக்கு உடம்பைப் பழக்கிக்கொண்டால், பிறகு ராஃப்டில் ஏறும்போது அது நன்றாகக் கைகொடுக்கும். குறுவா தீவு மழைக்காலத்தில் மூடப்பட்டிருக்கும் என்பதால் இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்க முடியாது.

அப்படியானால் எந்த மாதம் வரலாம்? நாங்கள் கொஞ்சம் பயந்த சுபாவம்.

ஓணம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, செப்டம்பர் நடுவிலிருந்து மாத முடிவு வரை வருவதைத்தான் நான் சொல்வேன்.

ஜூன் கடைசியில், திருவாதிரை ஞாற்றுவேலை என்று மலையாளிகள் சொல்லும் நாட்களில், மழை இடைவிடாமல் பெய்து மண் முழுவதும் ஊறிவிடும். அதற்கடுத்து நம் ஆடி மாதமான கர்க்கடகத்தில் பெய்யும் மழையை மண்ணால் உறிஞ்ச முடியாது. விழுந்த தண்ணீர் அப்படியே ஆற்றுக்கு ஓடிவரும். தாமரசேரி சுரம் என்ற மலைப்பாதைக்குக் கீழே கோடஞ்சேரிப் பக்கம் சாலிப்புழையிலும் இருவஞ்சிப்புழையிலும் கயாக்கிங் போட்டி மழைக்காலத்தின் நடுவில் நடத்தப்படுவதற்குக் காரணமே அப்போது தண்ணீர் உச்சத்தில் இருப்பதுதான். பல வருடம் பழகியவர்கள் தங்களைச் சோதித்துக்கொள்ளும் தண்ணீர் அது. முதல் முறை வருபவர்கள் அதைக் கரையில் நின்று பார்க்கலாம். பார்த்தாலே ஆற்றின் போக்கு நிறையப் புரியும்.

செப்டம்பரில் மழை விட்டுவிட்டுப் பெய்யும். மண்ணில் ஊறிய நீர் கசிந்து வந்துகொண்டிருப்பதால் ஆற்றில் தண்ணீரும் இருக்கும், ஆனால் திடீரென்று பொங்கும் வேகம் குறைந்திருக்கும். ஐப்பசியில் தொடங்கும் துலா வருஷ மழை வேறு விதம்: காலையில் வெயில் அடிக்கும், பிற்பகலில் இடியுடன் கொட்டும். அக்டோபரில்தான் வர முடியும் என்றால் காலையிலேயே ஆற்றில் இறங்கி நண்பகலுக்குள் கரையேறிவிடும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கிரேடு 2, கிரேடு 4 என்கிறார்கள். அதை வைத்து எது எங்களுக்குச் சரி என்று முடிவு செய்யலாமா?

ஓரளவுக்குத்தான். ஓடும் நீரின் கடினத்தை உலகம் முழுவதும் 1 முதல் 6 வரை பிரிக்கிறார்கள். 1 என்றால் லேசான ஓட்டம். 2 என்றால் சிறு அலைகள், வழி தெளிவாகத் தெரியும். 3இல் அலை முகத்தில் அடிக்கும், வழிகாட்டி சொல்லும் திசைக்கு ராஃப்டைத் திருப்பியே ஆக வேண்டும். 4இல் தவறு செய்தால் விழுவது உறுதி, விழுந்தவரை மீட்பதும் சுலபமில்லை. 5 தேர்ந்தவர்களுக்கானது, 6இல் பொதுவாக யாரும் இறங்குவதில்லை.

இங்கிருந்து போகக்கூடிய இரண்டு இடங்களும் குடகில் இருக்கின்றன. குஷால்நகர் அருகே துபாரேயில் காவிரி அகலமாக ஓடுகிறது. பெரும்பகுதி அமைதியான நீர், நடுநடுவே சிறு ஓட்டங்கள். தெற்குக் குடகில் மேல் பாரபொளே ஆறு ஒடுங்கியது, சரிவானது, பாறைகள் நிறைந்தது. நல்ல மழையில் அதில் 4 வரை வரும். அதே ஆறுதான் எல்லை தாண்டிக் கண்ணூர் மாவட்டத்துக்குள் இறங்குகிறது. பயந்தவர்கள் முதலில் போக வேண்டியது துபாரேக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இந்த எண் ஆற்றின் நிரந்தரமான குணத்தைச் சொல்வதில்லை, அன்றைய தண்ணீருக்கு மட்டுமே பொருந்தும். ஒரு பாறையின் பக்கவாட்டில் வழிந்துபோகும் நீர், இரண்டடி ஏறியதும் அதன் மேலாகவே விழுந்து அடியில் திரும்பிச் சுழலத் தொடங்கும். நேற்று 2 என்று சொல்லப்பட்ட இடம் இன்று 3ஆக, 4ஆக இருக்கலாம். ஆகவே முன்பதிவு செய்யும்போது ‘எந்த கிரேடு’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், போகிற நாளன்று காலையில் ‘நேற்றைக்கு இன்றைக்கு ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா’ என்று கேளுங்கள்.

மழை இல்லாத நாளாகப் பார்த்து வந்தால் போதாதா?

போதாது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிப்பதற்கும் உங்கள் ஆற்றில் என்ன வரப்போகிறது என்பதற்கும் தொடர்பே இல்லாமல் போகலாம். இந்த மலைகளின் மேற்குச் சரிவு செங்குத்தானது. ஓடை பிறக்கும் இடத்துக்கும் சமவெளிக்கும் நடுவில் தூரம் மிகக் குறைவு என்பதால், உச்சியில் கொட்டிய மழை சிறிது நேரத்திலேயே கீழே வந்து சேர்ந்துவிடும். மலைவெள்ளம் என்ற பொருளில் மலவெள்ளம் என்று இங்குள்ளவர்கள் சொல்வது இதைத்தான். 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலையில் மலை சரிந்தபோது அங்கே இழுத்துச் செல்லப்பட்டவர்களின் உடல்கள் சாலியாற்றின் வழியே நிலம்பூர் வரை போய்க் கிடைத்தன. மேலே நடப்பது எவ்வளவு தூரம் வரும் என்பதை இந்தப் பக்கத்தில் வாழும் நாங்கள் அதற்குப் பிறகு ஒருநாளும் மறந்ததில்லை.

எனவே வானிலைத் துறையின் எச்சரிக்கையை நீங்கள் இறங்கும் ஊருக்கு மட்டும் பார்க்காமல், ஆறு பிறக்கும் மாவட்டத்துக்கும் சேர்த்துப் பாருங்கள். மஞ்சள் எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் மழை எதிர்பார்க்கப்படுகிறது என்று பொருள். ஆரஞ்சு என்றால் 115.6க்கு மேல், சிவப்பு என்றால் 204.4க்கு மேல். ஆரஞ்சு, சிவப்பு நாட்களில் மாவட்ட நிர்வாகமே பெரும்பாலும் ஆற்றுச் சுற்றுலாவைத் தடுத்துவிடும். முதல் முறை வருபவர்கள் மஞ்சள் நாளையும் விட்டுவிடுவது நல்லது; அதற்கு முந்தைய நாள் ஆரஞ்சாக இருந்ததா என்றும் பார்க்க வேண்டும். ஏனென்றால் நேற்றைய மழையின் தண்ணீர் இன்னும் ஆற்றில்தான் இருக்கும்.

கரைக்கு வந்ததும் நான் செய்வது ஒன்று உண்டு. பாதி நனைந்த ஒரு பாறையைப் பார்த்துவைத்து, ஈரக்கோடு எங்கே இருக்கிறது என்று கவனித்துக்கொள்வேன். ஜாக்கெட் வாங்கி, காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, விளக்கம் கேட்டு முடிப்பதற்குள் எப்படியும் அரைமணி ஆகிவிடும். அதற்குள் அந்தக் கோடு மூழ்கியிருந்தால் ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது. கூடவே மற்ற அடையாளங்களும் வரும்: பச்சைத் தேநீர் போல இருந்த நீர் பால் ஊற்றியது போலக் கலங்கும், காய்ந்த இலையும் சுள்ளியும் நுரைத்திட்டுகளும் மிதந்து வரும், ஓசை கனமாகும். இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் கொடுத்த பணத்தைப் பற்றி யோசிக்காமல் திரும்பிவிடுங்கள்.

எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டால் மிதந்துவிடுவேனா?

சரியாகப் பொருந்தினால் மிதப்பீர்கள். துபாரே போன்ற நீரில் நீச்சல் தெரியாதவர்கள் போகலாம். 3ஆம் கிரேடுக்கு மேல், நீச்சல் தெரிகிறதோ இல்லையோ, முகம் நனைந்தாலும் பதறாத பழக்கம் கட்டாயம் வேண்டும்.

பொருத்தத்தைச் சோதிக்க ஒரே வழி, எல்லாப் பட்டைகளையும் இறுக்கிய பிறகு பக்கத்தில் நிற்பவரை ஜாக்கெட்டின் தோள்பகுதி இரண்டையும் பிடித்து மேலே தூக்கச் சொல்வதுதான். ஜாக்கெட் ஏறி உங்கள் மோவாயைத் தொட்டால் அது தளர்வு. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே மிதக்கும், நீங்கள் அதற்குள்ளே கீழே தொங்குவீர்கள். ஒருமுறை எனக்குக் கொடுக்கப்பட்ட ஜாக்கெட்டில் நடு பக்கிள் உடைந்து, அதற்குப் பதிலாகச் சணல் கயிறு கட்டியிருந்தது. அவசரத்தில் அதை அப்படியே போட்டுக்கொண்டு ஏறினேன். முதல் அலையில் முடிச்சு நழுவியது, மீதிப் பயணம் முழுவதும் ஒரு கையால் ஜாக்கெட்டையும் மறுகையால் துடுப்பையும் பிடித்துக்கொண்டு வந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு பக்கிளையும் மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் நான் ஏறுவதில்லை.

அடுத்து, ராஃப்டில் ஏறுவதற்கு முன் கரையோரத்து அமைதியான நீரில் இறங்கி மிதந்துபார்க்க அனுமதி கேளுங்கள். குளிர்ந்த நீர் மார்பைத் தொட்டதும் தன்னையறியாமல் மூச்சை இழுத்து வாங்குவோம். பயந்தவர்களுக்கு அந்த நொடியில்தான் எல்லாம் கைவிட்டுப் போனது போலத் தோன்றும். கரையோரத்தில் ஒரு முறை அது நடந்து, ஜாக்கெட் தூக்கிப் பிடித்து, மூச்சு சீரானால், நடு ஆற்றில் அதே நடக்கும்போது உடம்புக்கு அது தெரிந்த விஷயமாக இருக்கும்.

படகு கவிழ்ந்தால் என்ன ஆகும்?

முழுதாகக் கவிழ்வதைவிட ஒருவர் இருவர் வெளியே விழுவதுதான் அதிகம் நடக்கும். விழுந்ததும் மல்லாந்து படுங்கள், கால்கள் ஆறு ஓடும் பக்கம் நீட்டியிருக்கட்டும், கால் கட்டைவிரல்கள் நீருக்கு மேலே தெரியட்டும். பாறை வந்தால் கால் முதலில் போய்த் தொடும், தலை தப்பும்.

கண்டிப்பாகச் செய்யக்கூடாதது, ஓடும் நீரில் எழுந்து நிற்க முயல்வது. இடுப்பளவுதானே என்று காலை ஊன்றத்தான் மனம் சொல்லும். ஆனால் ஆற்றடியில் பாறை இடுக்கில் பாதம் சிக்கிக்கொண்டால், பின்னாலிருந்து தள்ளும் நீர் உடம்பை முன்னால் சாய்த்து முகத்தை நீருக்குள் அழுத்திவிடும். முழங்கால் ஆழத்துக்குக் குறைவான, ஓட்டம் அடங்கிய இடம் வரும்வரை மிதந்துகொண்டே இருங்கள்.

ராஃப்டுக்கு அடியில் சிக்கினால் கைகளை மேலே தூக்கி அதன் அடிப்பகுதியைத் தள்ளியபடி ஒரே திசையில் நகருங்கள்; விளிம்பு ஓரிரு கை தூரத்தில்தான் இருக்கும். கயிற்றுப்பை வீசப்பட்டால் கயிற்றைப் பிடித்துத் தோள்மேல் போட்டுக்கொண்டு மல்லாந்திருங்கள், கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். துடுப்பின் மேல்நுனியில் இருக்கும் குறுக்குப்பிடியை எப்போதும் உள்ளங்கையால் மூடிப் பிடித்திருக்க வேண்டும். ராஃப்டில் ஏற்படும் காயங்களில் பல, விட்டுவிட்ட அந்தப் பிடி பக்கத்தில் இருப்பவரின் பல்லில் அடிப்பதால் வருபவை.

நீரில் விழுந்து கிடக்கும் மரமும் தடுப்பணையும்தான் உண்மையிலேயே அஞ்ச வேண்டியவை. கிளைகளுக்கு நடுவே தண்ணீர் போய்விடும், மனிதர் போக முடியாமல் அழுந்திக்கொள்வார். தடுப்பணைக்குக் கீழே விழும் நீர் திரும்பி வந்து சுழல்வதால் ஜாக்கெட் போட்டவரையும் விடாது. பாதையில் இவை எங்கே இருக்கின்றன, அதற்கு எவ்வளவு முன்னால் கரையேறுவோம் என்று வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நடத்துபவர்கள் சரியானவர்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கரையில் எத்தனை நிமிடம் பேசுகிறார்கள் என்று பாருங்கள். முன்னால், பின்னால், நிறுத்து, குனி என்ற கட்டளைகளை நிலத்திலேயே பழகவைத்து, விழுந்தால் என்ன செய்வது என்று செய்துகாட்டினால் நல்லது. தனி கயாக்கில் ஒருவர் மீட்புக்காகக் கூட வருகிறாரா என்றும், ஒரு ராஃப்டில் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். வழக்கமான அளவுள்ள ராஃப்டில் வழிகாட்டி நீங்கலாக 6 முதல் 8 பேர் போதும். 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில் 22 பேர் இறந்தது பெரிய அலையில் நடந்த விபத்தல்ல. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு அந்தி நேரத்தில் அமைதியான நீரில் கவிழ்ந்தது. ‘இன்னும் இரண்டு பேர்தானே’ என்று சொல்லும் இடத்திலும், மாலை மங்கியபின் கிளப்பும் இடத்திலும் ஏறாதீர்கள்.

அம்மாவுக்கு 52 வயது, தண்ணீர் என்றாலே பயம். ஆனாலும் வர ஆசைப்படுகிறார். கூட்டிவரலாமா?

கூடலூரில் இருக்கும் என் அண்ணியை நான் அழைத்துப் போனதைச் சொன்னால் உங்களுக்கு முடிவெடுக்க எளிதாக இருக்கும். அவருக்கு அப்போது 49 வயது. சிறுவயதில் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து குளத்தில் கால் நனைக்கவும் தயங்குவார். ஜூலை இரண்டாவது சனிக்கிழமைக்கு அண்ணன் பாரபொளேயில் இடம் பிடித்திருந்தார். புதன்கிழமை ஆரஞ்சு, வெள்ளிக்கிழமை மஞ்சள். நான் வேண்டாம் என்றேன், முன்பணம் திரும்பவில்லை.

செப்டம்பர் கடைசி வாரத்தில் துபாரேக்குப் போனோம். மூன்று நாட்களாக எந்த எச்சரிக்கையும் இல்லை. நாங்கள் பார்த்துவைத்த பாறையில் ஈரக்கோடு நீருக்கு நான்கு விரல் மேலே காய்ந்துகொண்டிருந்தது, அதாவது ஆறு இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணி முதலில் முழங்கால் அளவு நீரில் நின்றார். பிறகு இடுப்பு வரை. வழிகாட்டிப் பையன் அவர் பின்னால் நின்று ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு, ‘சேச்சி, மூச்சை விடுங்க, சும்மா சாயுங்க’ என்றான். முதல் தடவை உடனே எழுந்துவிட்டார். மூன்றாவது தடவை காது நனைய மல்லாந்து கிடந்து, வானத்தைப் பார்த்து, ‘விட்டுடு தம்பி’ என்றார். அவன் கையை எடுத்தான். அவர் மிதந்தார்.

அவரை நடு வரிசையில் உட்காரவைத்தோம். முன்னால் இருப்பவர்மேல் அலை முதலில் அடிக்கும், பின்னால் இருப்பவரை ராஃப்ட் துள்ளும்போது தூக்கியெறியும். நடுவில் ஆட்டம் குறைவு. காலை முன்னால் இருக்கும் காற்றுக்குழாயின் அடியில் செருகிக்கொண்டார். இரண்டாவது ஓட்டத்துக்குப் பிறகு கரையேறிவிடலாம் என்று முன்பே வழிகாட்டியிடம் பேசிவைத்திருந்தோம், அது அண்ணிக்கும் தெரியும். இறங்கிவிடலாம் என்ற அந்த உறுதிதான் அவரை ஏறவைத்தது. அந்த இடம் வந்தபோது வழிகாட்டி கேட்டான்; அண்ணி தலையசைத்துத் துடுப்பை முன்னால் போட்டார்.

உங்கள் அம்மா கரையோரத்தில் மூன்று முறை முயன்றும் மல்லாந்து கிடக்க முடியாவிட்டால், அன்றைக்கு அவர் கரையில் இருக்கட்டும். வற்புறுத்தி ஏற்றாதீர்கள், பதற்றத்தில் பக்கத்திலிருப்பவரைப் பற்றி இழுத்துவிடுவார். இதய நோய், வலிப்பு, முதுகுத் தட்டு விலகல், முன்பு தோள்மூட்டு நழுவியது, அண்மையில் அறுவை சிகிச்சை ஆகியவை இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் அமைதியான நீரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் இன்ஹேலரை நீர்புகாப் பையில் வைத்து வழிகாட்டியிடம் கொடுக்கட்டும்.

குழந்தைகளுக்கு எத்தனை வயது ஆக வேண்டும்?

அலை உள்ள நீருக்கு 14 வயது என்பதுதான் பெரும்பாலும் கேட்கப்படும் வரம்பு. அதற்குக் குறைந்தவர்களுக்கு அமைதியான நீர் போதும், அதிலும் அவர்கள் அளவுக்கான ஜாக்கெட் இருந்தால் மட்டுமே. பெரியவர் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டினால் சரியாகிவிடும் என்று சொன்னால் கேட்காதீர்கள். அது தலைவழியே கழன்றுவிடும்.

போய்வந்த பிறகு கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. கேரளத்தில் மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் பரவலாக வருகிறது. எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, காலில் இருக்கும் சிறு வெடிப்பு, அட்டை கடித்த புண், சிராய்ப்பு வழியாகக் கிருமி உள்ளே போகும். புண் இருந்தால் ஆற்றில் இறங்குவதைத் தள்ளிப்போடுங்கள். தவிர்க்க முடியாவிட்டால், முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் மாத்திரை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள், கடையில் நீங்களாக வாங்க வேண்டாம். கரையேறியதும் நல்ல நீரில் சோப்புப் போட்டுக் குளியுங்கள்.

காய்ச்சல் அன்றே வராது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்து, நீங்கள் ஊருக்குத் திரும்பி எல்லாம் மறந்த பிறகு வரும்: கடுமையான காய்ச்சல், கெண்டைக்காலில் தொட முடியாத வலி, கண் சிவப்பு. சாதாரணக் காய்ச்சல் என்று காத்திருந்தால் சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்படும். மருத்துவமனையில் முதல் வார்த்தையாக, எந்தத் தேதியில் எந்த ஆற்றில் இறங்கினீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.